பூ கேட்கப் போன செய்தி

அந்த ஃபேக்ஸ் வந்த காலையில் நான் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, மூடாத ஜன்னலைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். மில் முழுக்கப் பஞ்சு பறக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் காபியிலும் பறக்கும். எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தர் காதிலும் ஏறாது. அப்போது ஃபேக்ஸ் மெஷின் கிறீச்சிட்டது. வழவழப்பான தாள் சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. படித்தேன். காபி ஆறிப்போனது.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் கம்பெனி செக்ரட்டரி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்பெனி செக்ரட்டரி என்றால் முதலாளிக்குக் கடிதம் டைப் அடிக்கிறவள் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். என் சொந்தக்காரர்களே, "டைப்பிங் வேகமா வருமா கண்ணு?" என்று கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். எங்கள் மில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி. பங்கு வைத்திருக்கும் முகம் தெரியாத ஆயிரம் பேருக்கும் மில்லுக்கும் நடுவில் சட்டப்படி நிற்க வேண்டியவள் நான். இதை விளக்கிச் சொன்னால், "ஓஹோ, அப்ப டைப் அடிக்க வேற ஆள் இருக்குதா?" என்பார்கள். அதற்குமேல் என்ன சொல்ல!

ஃபேக்ஸில் இருந்தது இதுதான். எங்கள் ஏற்றுமதி நூலில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிறுவனம், இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. அடுத்த கப்பலோடு சரி. அந்த ஒரு ஆளை நம்பித்தான் மில், பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டிப் புதிய யூனிட்டே கட்டியிருந்தது. அந்த யூனிட்டில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு சேர்மன் அறைக்குப் போனேன். அவர் வயதானவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மில்லில் யாரையும் வாடா போடா என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. வாசல் காவலருக்கும் 'ங்க' போடுகிற மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"உட்காருங்க அம்மணி" என்றார்.

"ஐயா, இதை இன்னைக்கே சந்தைக்குச் சொல்லோணும். லெட்டர் தயார் பண்ணட்டுங்களா?"

"என்னன்னு சொல்லறது? ஒருத்தன் போயிட்டான்னா? அடுத்து நாம என்ன பண்ணப்போறோம்னு கேப்பாங்கல்ல? யூனிட்டை ஓட்டறதா, மூடறதான்னு ஒரு முடிவு எடுத்துப்போட்டு, ரெண்டையும் சேத்துச் சொல்லலாமுங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பல கம்பெனிகளில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் நியாயம் அதில்லை. பங்கின் விலையை அசைக்கக்கூடிய எதுவானாலும் உடனே தெரிவிப்போம் என்று சந்தையோடு போட்ட ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்க பம்பாயில் இருந்த அரசு வாரியமும் சில வருஷங்களுக்கு முன்புதான் விதி கொண்டு வந்திருந்தது. வெளியே வராத தகவலை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறவர்கள் பங்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, அடுத்தவர் காதில் போடவும் கூடாது. செய்தி எத்தனை நாள் உள்ளே கிடக்கிறதோ அத்தனை நாளும் அது கசிய வழி பார்க்கும். அதற்குத்தான் 'உடனே' என்று எழுதியிருக்கிறார்கள்.

"ஐயா, ஃபேக்ஸ் வந்ததே சேதிதானுங்க. முடிவு எடுக்கறது அப்புறம் வர்ற இன்னொரு சேதி" என்றேன்.

அவர் சிரித்தார். பொல்லாத சிரிப்பில்லை. களைத்த சிரிப்பு.

"எங்கப்பாரு இந்த மில்லைத் தொடங்கறப்பவும் குலசாமிகிட்டப் பூக் கேட்டுட்டுத்தான் கடக்கால் தோண்டுனாரு. சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் எதுவும் செஞ்சதில்லீங்க. வர்ற அமாவாசைக்குப் போறோம். நீங்களும் லெட்டரோட வாங்க. வாக்கு வந்ததும் அங்கயே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் வாதாடினேன். குரல்கூட உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பக்கத்து அறையில் டைப் சத்தம் நின்றுபோனது. அவர் கை கூப்பினார். அந்த ஊரில் பெரியவர் ஒருவர் கை கூப்பிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து பத்திரிகையில் நான் முதலில் பார்த்தது பங்கு விலைப் பக்கத்தைத்தான். எங்கள் மில் பங்கு கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஓட்டைக் குடத்திலிருந்து தண்ணீர் இறங்குவது போலச் சத்தமே இல்லாத இறக்கம். ஃபேக்ஸைப் பற்றித் தெரிந்தவர்கள் சேர்மன், அவர் மகன், இரண்டு டைரக்டர்கள், நான். என் வாய் நீளம்தான், ஆனால் இதில் அதைத் தைத்து வைத்திருந்தேன். அப்படியென்றால் வேறு யாரோ சாப்பாட்டு மேஜையில் பேசியிருக்கிறார்கள். காரிடாரில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும் இவரா, அவரா என்று பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையிலிருந்து மாமா வந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர். சாக்கில் தேங்காய், தூக்குப்போசியில் அக்கா கொடுத்தனுப்பிய கோழிக் குழம்பு.

எங்கள் அப்பா எனக்குப் படிப்பைக் கொடுத்தார், அக்காவுக்குத் தென்னந்தோப்பைக் கொடுத்தார். "சின்னவளுக்குப் புஸ்தகம், பெரியவளுக்கு மரம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தத் தோப்பில் கிணறு வற்றிப்போய், மரமெல்லாம் தலை சுருங்கி, அப்போதுதான் அதை விற்றிருந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு வீட்டுமனை வாங்குவதாகத் திட்டம். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களை இங்கே படிக்க வைக்க ஆசை. நல்ல இடம் அமையும்வரை பணம் சும்மா இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே மாமா கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்க மில்லுப் பங்கு மலிஞ்சு கெடக்குதாமே? நம்ம ஊர்ல பங்கு வாங்கித் தர்றவரு சொன்னாரு. தோப்புக் காசைக் கொஞ்ச நாளைக்கு அதுல போட்டு வெக்கலாமுன்னு பாக்கறேன்."

எடுத்த தட்டை மறுபடி மேஜையிலேயே வைத்தேன்.

போடாதீங்க மாமா. இந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வேண்டாம் என்று சொல்வதும் தகவல் கொடுப்பதுதான். உள்ளே இருக்கிறவள் தன் ஆளுக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்தால், அந்தப் பங்கை அன்றைக்கு வேறு யாரோ ஒருவர் வாங்கி மாட்டிக்கொள்வார். அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள், தோப்பு இருக்கும். அதற்காகத்தானே அந்த விதி. அதைக் காப்பாற்றத்தானே எனக்குச் சம்பளம். கடிதத்தை அனுப்ப வேண்டியவர் அனுப்பியிருந்தால் மாமா அதைப் பத்திரிகையிலேயே படித்திருப்பார், இந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்த ஆத்திரமெல்லாம் மாமா மேல் திரும்பியது.

"மாமா, நான் அங்க வேலை பாக்கறவ. இதை எங்கிட்டக் கேக்கவே கேக்காதீங்க. வாங்குங்கன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாமுன்னும் சொல்ல மாட்டேன். இனி இதைப் பத்திப் பேச்சே வேண்டாம்."

பொரிந்து தள்ளிவிட்டேன். மாமா ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு புன்னகை பரவியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி செரி. கேக்கலீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார்.

அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் அர்த்தம் அப்போது விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியை யாரும் மறைக்க மாட்டார்கள். இழவென்றால் ஊருக்கே ஆள் போகும். நல்ல சேதியைத்தான் மூடி வைப்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், பேச்சும் முடிந்திருக்கும், ஆனால் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யும்வரை கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, இன்னும் எதுவும் இல்லீங்க" என்று மழுப்புவார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். மச்சினி இப்படி மூச்சு விடாமல் மறைக்கிறாள் என்றால் மில்லுக்குள் ஏதோ பெரிய நல்லது நடக்கிறது என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

அமாவாசை ஒரு வேலை நாளில் வந்தது. காங்கேயம் பக்கம் புழுதிக் காட்டுக்கு நடுவில் கோயில். நான் பையில் கடிதத்தோடு மில் காரில் போனேன். சேர்மனின் பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடி முழுக்கக் கார்களும் புல்லட்டுகளும். அந்தப் பங்காளிகளில் முக்கால்வாசிப் பேரிடம் மில் பங்கு இருந்தது. 'நம்ம மில்லு' என்றுதான் சொல்வார்கள்.

பூக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. கேட்பவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். நான் பார்த்த கோயில்களிலெல்லாம் அப்படித்தான்.

இந்தக் கோயிலில் வழக்கம் வேறு. பூசாரி கற்பூரத்தைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "வாய் விட்டுக் கேளுங்க. பங்காளி அத்தனை பேரு காதுலயும் உளுகோணும். மறைச்சுக் கேட்டா சாமி பேசாது."

எனக்குப் பகீர் என்றது. ஒரு அடி முன்னால்கூட வைத்துவிட்டேன். முன்வரிசையில் நின்ற அம்மாள் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சேர்மன் கை கூப்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். தழுதழுத்த குரல்.

"சாமீ... நம்ம நூலை வாங்கறவன் இனி வேண்டாமுன்னுட்டான். அடுத்த கப்பலோட நிக்குது. புது யூனிட்டுக்கு வேற ஆள் இல்லை. அதை மூடிப்போடறதா, கடன்பட்டு ஓட்டறதா, நீதான் சொல்லோணும். மூடறதுன்னா வெள்ளையைக் குடு."

மணிச் சத்தம் நின்றிருந்தது. பின்னால் நின்ற கூட்டத்தில் செருப்பில்லாத கால்கள் மண்ணில் மெதுவாக இடம் மாறும் ஓசை மட்டும் கேட்டது.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. "உத்தரவு இல்லீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஏதோ தடங்கல் காட்டுது. வர்ற வெள்ளிக்கெழமை மறுக்கா கேளுங்க" என்றார்.

சேர்மன் விழுந்து கும்பிட்டார். நான் அவரிடம் போகுமுன் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வரிசையாக இலை போட்டிருந்தது. உப்பும் பொரியலும் வைத்துக்கொண்டே போனவர் பாதி வரிசையில் நின்றுவிட்டார். இலைகளுக்கு முன்னால் ஆளில்லை. பெண்கள் பந்தி நிறைந்திருந்தது. ஆண்கள் பந்தியில் இலை காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது.

"எங்கடா போனாங்க எல்லாரும்?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. கோயிலைத் தாண்டி ரோட்டு முக்கில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது, வரும்போதே பார்த்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெள்ளை வேட்டிகள் வரிசை கட்டி நின்றன. நெற்றியில் ஈரத் திருநீறு இன்னும் காயவில்லை. யாரும் தள்ளவில்லை, முண்டவில்லை. அவ்வளவு மரியாதை.

"நீங்க பேசுங்க மாப்பிள்ளை."

"அட, நீங்க மொதல்ல பேசுங்க. எனக்கு ஒரு நிமிசம்தான்."

"செரிங்க, அப்ப நான் பேசிப்போட்டு வாரேன்."

உள்ளே இருந்தவர் கதவைச் சரியாக மூடவில்லை. "எல்லாத்தையும் தள்ளிப்போடு. என்ன வெலைக்குக் கேட்டாலும் குடுத்துப்போடு. ஆமா, இன்னைக்கே!" அடுத்தவர் போனதும் அதே பேச்சு. மூன்றாமவரும் அதே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பில்லுக்குச் சில்லறை கொடுத்தார்கள்.

என் உடம்பெல்லாம் ஆத்திரம். "ஏனுங்க, இது தப்புங்க! இந்தச் சேதி இன்னும் வெளிய வரலீங்க. இதை வெச்சுட்டு விக்கக் கூடாதுங்க!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஒருவர் மிகவும் பணிவாகச் சொன்னார்.

"சாமி முன்னால சொன்னதை வெளிய வரலைன்னா எப்படிங்க அம்மணி? ஊருக்கு முன்னாலதானே சொன்னாரு."

அவர்களுக்கு ஊர் என்றால் அந்த வேப்பமரத்தடிதான். மெட்ராஸிலோ மதுரையிலோ உடுமலையிலோ மில் பங்கை வைத்திருக்கிறவர்கள் அந்த ஊரில் சேர்த்தியில்லை.

திரும்ப ஓடி வந்தேன். சேர்மன் தனியாக ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கையெழுத்துப் போடுங்க. உங்க பங்காளிங்க பூத்துல நின்னு வித்துட்டு இருக்கறாங்க."

அவர் முகம் வெளிறியது. அவருக்கு அது தோன்றவே இல்லை என்பதை அந்த முகத்தில் பார்த்தேன். ஆனாலும் தலையை ஆட்டினார். "வாக்கு வரலீங்களே. வெள்ளிக்கெழமை வரைக்கும் பொறுங்க."

"நீங்க போட வேண்டாங்க. செக்ரட்டரின்னு நானே போடலாம். நான் போட்டு இன்னைக்கே கொண்டுபோய்க் குடுக்கப் போறேன்."

"போட்டீங்கன்னா நாளைக்கு மில்லுக்கு வர வேண்டாமுங்க அம்மணி" என்றார். அப்போதும் 'ங்க' போட்டார்.

கடிதத்தைக் கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வெயிலில் தகரம் சுட்டது. அந்தக் காரிலேயே போகலாம் என்று பார்த்தால் டிரைவர் கையைப் பிசைந்தார். முதலாளி சொல்லாமல் எடுக்க மாட்டார், அவர் பிழைப்பு அவருக்கு. முதலில் போனிலாவது சந்தையில் சொல்லலாம் என்று பூத்துக்குப் போனால், "ஒரு நிமிசமுங்க, ஒரு நிமிசமுங்க" என்று வரிசை நகரவே இல்லை. எல்லோருக்கும் வழிவிட்டவர்கள் எனக்கு மட்டும் விடவில்லை. எழுத்தில் இல்லாமல் அங்கே எதையும் ஏற்கவும் மாட்டார்கள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த பஸ் மாதிரி ஒரு பஸ்ஸை நான் வாழ்க்கையில் வெறுத்ததில்லை. கை காட்டியவருக்கெல்லாம் நின்றது. பல்லடத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். "அண்ணா, அவசரமுங்க" என்று கெஞ்சினேன். "உங்களுக்கு மட்டுமா அவசரம்?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவர் எங்கள் பங்கை வாங்கிக்கொண்டிருக்கிறார். மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கோவைச் சந்தையில் அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரை இல்லை. ஒரு பெரிய கூடம். புரோக்கர்களும் அவர்கள் ஆட்களும் வட்டமாக நின்று விலையைக் கத்துவார்கள். கையால் சைகை, குறிப்பு அட்டையில் ஒரு கிறுக்கல், வியாபாரம் முடிந்தது. படியேறும்போதே எங்கள் மில்லின் பெயர் காதில் விழுந்தது. விற்க, விற்க, விற்க என்று எல்லாக் குரலும் ஒரே பக்கம். வாங்குகிறேன் என்ற குரல் ஒன்றிரண்டுதான். அதில் ஒரு குரல் நிற்காமல் வாங்கிக்கொண்டிருந்தது.

நேராகத் தலைமை அதிகாரியின் அறைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ஃபேக்ஸ் எப்ப வந்துது மேடம்?"

சொன்னேன். அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். மணி அடித்தது. எங்கள் பங்கில் வியாபாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடிதத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். கூடத்தில் இரைச்சல் அடங்கியது. படித்தவர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். விற்றவர்கள் பக்கம் அமைதி. அவர்கள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மெட்ராஸ் சந்தைக்கும் அங்கிருந்தே ஃபேக்ஸ் அனுப்பினேன்.

நான் வெளியே வரும்போது ஒருவர் ஓடி வந்தார். வாங்கிக்கொண்டிருந்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"மேடம், இதென்னங்க இப்படி? உடுமலையிலிருந்து காத்தால ஆர்டர் வந்துது. 'கெடைக்கறதையெல்லாம் வாங்கிப்போடு, எங்க மச்சினி அந்த மில்லுலதான் பெரிய வேலைல இருக்கறா'ன்னு அந்த ஊர் ஆள்கிட்டச் சொன்னாராம். அது நீங்கதானுங்களே?"

"அதைத் திரும்ப எடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. மற்றவர்களைவிட எனக்கே நன்றாகத் தெரியும்.

"முடிஞ்ச வியாபாரம் முடிஞ்சதுதானுங்களே மேடம்" என்றார் அவர்.

வியாபாரம் மறுபடி திறந்தபோது எங்கள் பங்கை வாங்க ஆளே இல்லை. சில வாரம் கழித்துப் பங்குச் சான்றிதழ்கள் பெயர் மாற்றத்துக்காக எங்கள் ஆபீசுக்கே வந்தன. அந்தக் காலத்தில் அதுதான் முறை. சான்றிதழின் பின்பக்கம் பழைய சொந்தக்காரர் பெயருக்குக் கீழே புதியவர் பெயரை எழுதி, கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போட வேண்டியவள் நான். சேர்மன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் நான் போனபோது, "வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு சான்றிதழிலும் மேலே ஒரு பங்காளியின் பெயர், கீழே என் அக்காவின் பெயர். தோப்பு அவளுடையது என்பதால் மாமா அவள் பெயரிலேயே வாங்கியிருந்தார். கண்ணீர் விழுந்து மை கலைந்துவிடக் கூடாது என்று தலையைச் சாய்த்துக்கொண்டே போட்டேன்.

விசாரணைக்கு வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வர வெகுகாலம் ஆனது. மில் விருந்தினர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சேர்மன் தன் பங்கில் ஒன்றைக்கூட விற்கவில்லை. எல்லாவற்றையும் வைத்திருந்து எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்தார். நானும் அந்த அறையில் இருந்தபோது அவர் கேட்டார்: "சாமிகிட்டச் சொன்னது குத்தங்களா?"

"சாமிகிட்டச் சொன்னது குத்தமில்லீங்க" என்றார் அதிகாரி. "சுத்தி நின்னவங்க கேக்கும்படி சொன்னீங்க. நிக்காதவங்களுக்குச் சொல்லலை. அதுதான் குத்தம்."

பெரியவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போனார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். என் பதில்களை ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தார். இப்போது காகிதங்களை மூடிவிட்டு, ஆறுதலாகவே சொன்னார்.

"உங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்லைங்க. ஃபேக்ஸ் விஷயம் தெரிஞ்ச எல்லார் வீட்டு ஆளுங்களும் வித்திருக்காங்க. உங்க வீட்டு ஆள் மட்டும்தான் வாங்கியிருக்காங்க. நீங்க வாயைத் திறக்கலைங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?"

நன்றி என்று சொன்னேன். விற்றவர்கள் மேல் எடுத்த நடவடிக்கை எங்கே போய் முடிந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அதற்குள் நான் அந்த மில்லை விட்டுவிட்டேன்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே உடுமலைக்குப் பஸ் ஏறினேன். அதுவரை அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மாமாதான் என் முகத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார். பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கின தேங்காய். பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரி சொன்னதைச் சொன்னேன். என் மேல் குற்றமில்லை என்று அவளாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. சத்தியமாக வேறு எதுவும் நினைக்கவில்லை.

அக்கா துருவுவதை நிறுத்தினாள்.

"அப்ப என்ற தோப்பு போனதுதான் உனக்குச் சாட்சியா கண்ணு?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். பிறகு மூடியைத் திருப்பிப் பிடித்து, மிச்சத்தைத் துருவ ஆரம்பித்தாள்.